மகள் முகம் திரையில் உறைந்துபோகிற கனவு: வேறு யாருக்காவது வருகிறதா?

செம்பனைக்காட்டுக்காரி | ஜனவரி 12, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் சுங்கை சிப்புட் பக்கம். பிறந்தது தோட்டத்து லயத்தில். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு டவுன் ஓரத்துத் தாமானுக்கு வந்துவிட்டோம். வயது 53. பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்கு நாசி லெமாக் கட்டிக் கொடுக்கிறேன்.

மகள் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் தாதியாக இருக்கிறாள். வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், விடியற்காலை 5.15க்கு வீடியோ காலில் வருவாள். அவளுக்கு அப்போது முந்தின நாள் இரவு 9.15. வேலை முடிந்து வீடு வந்து குளித்துவிட்டுக் கூப்பிடுவாள்.

இரண்டு மாதமாக ஒரே கனவு. போன் அடிக்கிறது, எடுக்கிறேன், அவள் இருக்கிறாள். பேச ஆரம்பித்ததும் முகம் கலங்கிய தண்ணீரில் பார்க்கிற மாதிரி ஆகிறது. அப்புறம் அப்படியே நின்றுவிடுகிறது, வாய் பாதி திறந்தபடி. சத்தமும் இல்லை. நான் "அம்மாடி, அம்மாடி" என்று கூப்பிடுகிறேன். பொத்தானைத் தட்டுகிறேன், விரல் வழுக்குகிறது. விழித்துப் பார்த்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. அப்புறம் தூக்கம் வராது.

இது ஏதாவது கெட்டதுக்கு அறிகுறியா? வேறு யாருக்காவது இப்படி வருகிறதா?

கைப்பேசிக் கடை ரவி | ஜனவரி 12, இரவு 10.05

அக்கா, உங்கள் தாமானில் இந்தப் பிரச்சினை எல்லாருக்கும் உண்டு. சுற்றிலும் செம்பனை, கோபுரம் தூரம். வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான் வரும். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பேசுங்கள், பின்னால் ஓடுகிற செயலிகளை மூடுங்கள். மகளையும் வைஃபைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

முகம் மங்குவது, நிற்பது இரண்டும் வேறு வேறு. லைன் மெலிந்தால் செயலி தானே படத்தின் தரத்தைக் குறைக்கும், அதனால் மங்கும். நிற்பதற்குக் காரணம் வேறு. ஒவ்வொரு நொடியும் முழுப் படம் வருவதில்லை. எப்போதாவது ஒரு முழுப் படம், அப்புறம் அதில் மாறின இடங்கள் மட்டும்தான் வரும். நடுவில் கொஞ்சம் தொலைந்தால் மேற்கொண்டு வரைய வழியில்லாமல் கடைசியாகக் கிடைத்த படத்தையே பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் வாய் திறந்தபடியே நிற்பது.

செம்பனைக்காட்டுக்காரி | ஜனவரி 12, இரவு 10.11

தம்பி, நான் சொன்னது கனவு. நிஜமான கால் ஓரளவு நன்றாகத்தான் வருகிறது!

கைப்பேசிக் கடை ரவி | ஜனவரி 12, இரவு 10.13

ஐயோ. மன்னிச்சுக்கோங்க அக்கா. தலைப்பைச் சரியாகப் படிக்கவில்லை. கனவுக்கு எங்கள் கடையில் ரிப்பேர் இல்லை.

முனீஸ்வரர் அடியாள் | ஜனவரி 13, காலை 6.20

விடியக்காலைக் கனவு பலிக்கும் என்று எங்கள் பாட்டி சொல்லும். வாய் திறந்து பேச்சு வராமல் நிற்பது நல்லதில்லை. பிள்ளை பேரில் ஒரு அர்ச்சனை செய்துவிடு தங்கச்சி. தோட்டத்துக் கோயில் முனியாண்டிக்கு ஒரு சுருட்டும் வைத்துவிடு. மனசு ஆறும்.

செம்பனைக்காட்டுக்காரி | ஜனவரி 13, காலை 10.30

அர்ச்சனை போன மாதமே செய்துவிட்டேன் அக்கா. செய்த அன்று ராத்திரியும் வந்தது. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

ஜொகூர்க் குமார் | ஜனவரி 13, மதியம் 1.15

இதற்கு அறிவியல் விளக்கம் இருக்கிறது. கனவு காண்கிற நேரத்தில் மூளை உடம்பைக் கட்டிப்போட்டுவிடும், கை கால் அசையாது. அந்த உறைநிலைதான் கனவில் திரை உறைவதாகத் தெரிகிறது. அதோடு மூளையால் கனவில் முகங்களை உருவாக்க முடியாது, எல்லார் கனவிலும் முகம் மங்கல்தான். இந்தக் கனவெல்லாம் விடியற்காலையில் மட்டுமே வரும். 5 மணிக்கு எழுந்துவிட்டால் வராது. பயப்பட ஒன்றுமில்லை.

பழைய டிரெஸ்ஸர் | ஜனவரி 13, இரவு 8.50

குமார் தம்பி சொன்னதில் பாதி சரி. நான் 11 வருடம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். அப்புறம் ஓய்வு பெறும்வரை அரசாங்க மருத்துவமனையில் மனநலப் பிரிவில் மருத்துவ உதவியாளர். அங்கே கெட்ட கனவோடு வருகிறவர்கள் நிறையப் பேர்.

உடம்பு அசையாமல் இருப்பது உண்மை. ஆனால் இங்கே உறைந்தது அம்மாவின் கை கால் இல்லை, மகளின் முகம். அந்த இரண்டையும் முடிச்சுப் போட ஆதாரம் இல்லை. விரல் வழுக்கியது வேண்டுமானால் அந்த வகையில் சேரலாம். கனவு அதிகம் வருகிற ரெம் உறக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை ராத்திரி முழுக்க வந்து போகும். முதல் தடவை சில நிமிடம்தான், விடிய விடிய நீளும். அதனால் விடியற்காலைக் கனவு நீளமாகவும் இருக்கும், அதிலிருந்தே நேராக விழித்துக்கொள்வதால் நினைவிலும் நிற்கும். பாட்டிகள் அதைத் தனியாக எடுத்துப் பேசியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கனவில் முகமே உருவாகாது என்பது சரியில்லை. 2017-இல் வந்த ஒரு ஆய்வில் தூங்குகிறவர்கள் தலையில் நிறைய மின்முனைகளை ஒட்டி, அடிக்கடி எழுப்பி என்ன கண்டீர்கள் என்று கேட்டார்கள். முகம் கண்டேன் என்று சொன்னவர்களுக்கு, விழித்திருக்கும்போது முகங்களைப் பார்க்க உதவுகிற அதே பகுதி எழுப்புவதற்குச் சற்று முன்னால் கூடுதலாக வேலை செய்திருந்தது. ஆக, முகம் வரும்.

தங்கச்சி, உங்களிடம் நாலு கேள்வி. ஒன்று, முகம் மங்கலாக இருந்தும் அது மகள்தான் என்று எப்படித் தெரிந்தது? இரண்டு, இரண்டு மாதத்துக்கு முன்னால் ஏதாவது புது மருந்து ஆரம்பித்தீர்களா? மூன்று, தூக்கத்தில் கை கால் உதைத்து, கத்தி, கட்டிலில் இருந்து விழுந்ததுண்டா? நான்கு, குறட்டை விட்டு மூச்சு நிற்கிற மாதிரி இருக்கிறதென்று வீட்டில் யாராவது சொன்னார்களா?

செம்பனைக்காட்டுக்காரி | ஜனவரி 14, காலை 11.05

வணக்கம் ஐயா. முதல் கேள்வியை நான் யோசித்ததே இல்லை. கண் தெரியவில்லை, மூக்கு தெரியவில்லை, உடுப்புகூட நினைவில்லை. ஆனால் அவள்தான் என்று தெரியும். எப்படி என்று சொல்லத் தெரியவில்லை.

மருந்து: நவம்பரில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். அதுதான் காரணமா? உதைப்பது, விழுவது இல்லை. குறட்டை இல்லை என்று கணவர் சொல்கிறார். அவர் விடுவதை நான் கேட்கிறேன், அது வேறு கதை.

பழைய டிரெஸ்ஸர் | ஜனவரி 14, இரவு 9.20

கனவில் ஆளை அடையாளம் காண்பது அப்படித்தான் தங்கச்சி. பாதி நேரம் முகத்தைப் பார்த்து ஆளை அறிவதில்லை. ஆள் யார் என்று முதலிலேயே தெரிந்துவிடுகிறது, முகம் பின்னால் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. சாதாரணக் கனவில் இதை யாரும் கவனிப்பதில்லை. வீடியோ கால் கனவில் முகம்தான் முழுத் திரையும். அதையே உற்றுப் பார்க்கிறோம், தெளிவில்லாதது கண்ணில் படுகிறது. இது என் கணிப்பு, அளந்து சொன்னதில்லை.

மாத்திரை உறையில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். புரோப்ரனோலோல், மெட்டோப்ரோலோல் மாதிரி "லோல்" என்று முடிகிற வகை சிலருக்குத் தெளிவான கெட்ட கனவுகளைக் கொண்டுவரும். அப்படி இருந்தாலும் நீங்களாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து. கிளினிக் மருந்தாளரிடம் கேளுங்கள்.

அதுவரை ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தை எடுத்து 14 நாளுக்கு எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், கனவு வந்ததா, விழித்தபோது மணி என்ன, மறுநாள் கால் உண்டா, அன்று என்ன நடந்தது. ஒரு நாளைக்கு இரண்டு வரி போதும்.

நாமக்கல் வேர் | ஜனவரி 15, இரவு 11.48

இதைப் படித்துவிட்டுத் தூங்க முடியவில்லை. எனக்கும் வருகிறது, ஆனால் என் கதை வேறு.

அம்மா நாமக்கல்லில் மாமா வீட்டில் இருந்தார்கள். 2020 மார்ச் 18-ஆம் தேதி இங்கே நடமாட்டக் கட்டுப்பாடு ஆரம்பித்தது. ஏப்ரலில் அம்மா தவறிவிட்டார்கள். விமானம் இல்லை. காரியத்தை முழுக்க வாட்ஸ்அப்பில் பார்த்தேன். தம்பி மகன் போனைப் பிடித்திருந்தான், கூட்டத்தில் அவன் கை ஆடியது. அம்மா முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோன நேரம் படம் நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது தூக்கிவிட்டார்கள்.

வருடத்தில் நாலைந்து தடவை அந்தக் கனவு வரும். அம்மா உயிரோடு வீடியோ காலில் வருகிறார்கள், முகம் நிற்கிறது. எனக்குப் பயம் இல்லை. சொல்லப்போனால் அதற்காகக் காத்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு வருடமும் முகம் இன்னும் மங்கலாகிறது. நான் மறந்துகொண்டிருக்கிறேனா?

முனீஸ்வரர் அடியாள் | ஜனவரி 16, காலை 6.05

தம்பி, மனசு கனத்துப்போச்சு. அம்மா தேடி வருகிறார்கள், அவ்வளவுதான். திதி கொடுக்கிறாயா?

நாமக்கல் வேர் | ஜனவரி 16, காலை 7.30

கொடுக்கிறேன் அக்கா, தவறியதில்லை.

பழைய டிரெஸ்ஸர் | ஜனவரி 16, இரவு 9.00

தம்பி, உங்கள் கனவும் தங்கச்சி கனவும் வெளியில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் நான் இரண்டையும் ஒரே பையில் போட மாட்டேன். தூக்கத்தைக் கெடுத்து, பகலிலும் ஆளை வதைத்தால்தான் அதைச் சரிசெய்ய இறங்குவோம். காத்திருக்கிற கனவை எதற்குத் துரத்துவது?

மங்குவது மறதியா என்று கேட்டீர்கள். இப்போது கண்ணை மூடி, தினமும் பார்க்கிற உங்கள் மனைவியின் முகத்தை நினைத்துப் பாருங்கள். புருவம் எப்படி, காது எப்படி என்று கேட்டால் அதுவும் நழுவும். ஆனால் நேரில் பார்த்தால் ஆயிரம் பேரில் கண்டுபிடிப்பீர்கள். நினைத்துப் பார்ப்பதும் அடையாளம் காண்பதும் வேறு வேறு வேலை.

நாமக்கல் வேர் | ஜனவரி 16, இரவு 11.10

மனைவியைச் சோதித்துப் பார்த்தேன் ஐயா. நீங்கள் சொன்னது சரி. ஆனாலும் அம்மா விஷயத்தில் எனக்கு முழுசாக ஆறுதல் வரவில்லை. பார்க்கலாம்.

செம்பனைக்காட்டுக்காரி | ஜனவரி 28, மாலை 4.40

ஐயா, 14 நாள் எழுதிவிட்டேன். முதலில் மாத்திரை: உறையில் அம்லோடிபைன் என்று இருக்கிறது. மருந்தாளரிடம் கேட்டேன், நீங்கள் சொன்ன வகை இல்லையாம்.

கனவு வந்தது 6 தடவை. கால் வரவேண்டிய நாலு விடியற்காலையிலும் தவறாமல் வந்திருக்கிறது. ஐந்தாவது, அவள் ஒரு நாள் முழுக்கச் செய்திக்குப் பதில் போடாத ராத்திரி. ஆறாவது ஒரு சனிக்கிழமை, காரணம் தெரியவில்லை. எல்லாமே 4 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில்.

இன்னொன்றும் எழுதும்போதுதான் தெரிந்தது. கால் உள்ள நாளில் போன் தலையணைக்கு அடியில் இருக்கும். 4 மணிக்குத் தானாக முழிப்பு வந்து, அழைப்பு தவறிவிட்டதா என்று பார்த்துவிட்டு மறுபடி படுப்பேன். அதற்கு அப்புறம்தான் கனவு.

பழைய டிரெஸ்ஸர் | ஜனவரி 28, இரவு 9.15

மாத்திரைச் சந்தேகம் போயிற்று, நல்லது. 4 மணிக்கு எழுந்து, மனசில் "கால் வந்துவிட்டதோ" என்று வைத்துக்கொண்டு, ரெம் உறக்கம் நீளமாக இருக்கிற நேரத்தில் திரும்பப் படுக்கிறீர்கள். கனவு வரவும் அது நினைவில் நிற்கவும் இதைவிடத் தோதான நேரம் கிடையாது. எதைப் பற்றிய கனவு என்பதையும் கையில் கொடுத்துவிட்டுத்தான் படுக்கிறீர்கள்.

இரண்டு வேலை. முதலாவது, போன் கூடத்து மேசையில், சத்தத்தை முழுசாக வைத்து. 5 மணிக்கு அலாரம். 4 மணிக்கு முழிப்பு வந்தால் எழுந்து பார்க்கக் கூடாது.

இரண்டாவது, கனவை மாற்றி ஒத்திகை பார்ப்பது. அமெரிக்காவில் பேரி கிராக்கோ என்ற மருத்துவரும் அவர் குழுவும் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் இதைச் சோதித்து 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். கெட்ட கனவுகள் நன்றாகக் குறைந்தன. கனவைத் தாளில் எழுதுங்கள். எந்த இடத்தை எப்படி மாற்ற ஆசையோ அப்படி மாற்றிப் புதுசாக எழுதுங்கள். பழையதை எடுத்து வைத்துவிட்டுப் புதியதை மட்டும் பகலில் 10 நிமிடம், 15 நிமிடம் கண்ணை மூடி மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். தினமும். சில வாரம் பிடிக்கும். ஓட்டும்போது பதற்றம் கூடினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். பெரிய அதிர்ச்சியைச் சந்தித்தவர்கள் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம்.

ஜொகூர்க் குமார் | ஜனவரி 28, இரவு 10.02

கனவை நாமே எழுதி மாற்றுவதா? மனசை ஏமாற்றுவது மாதிரி இருக்கிறது. பேசாமல் அழைப்பை வேறு நேரத்துக்கு மாற்றினால் முடிந்தது.

பழைய டிரெஸ்ஸர் | ஜனவரி 28, இரவு 10.20

அதுவும் நல்ல யோசனைதான் தம்பி. மகளுக்கு விடுமுறை நாள் என்றால் அங்கே காலை 9 மணி, இங்கே மாலை 5. முடிந்தால் மாற்றட்டும்.

செம்பனைக்காட்டுக்காரி | பிப்ரவரி 6, காலை 11.30

மகளுக்கு வேலை அட்டவணை வாரத்துக்கு வாரம் மாறுகிறது, திங்களும் வியாழனும்தான் ஓரளவு நிச்சயம். போனைக் கூடத்துக்கு மாற்றிவிட்டேன். முதல் இரண்டு நாள் அது இல்லாமல் தூக்கமே வரவில்லை.

ஒத்திகைதான் சரியாக வரவில்லை. "படம் நிற்கவே இல்லை, முகம் பளிச்சென்று இருக்கிறது" என்று மாற்றி எழுதினேன். மனசுக்குள் ஓட்டினால் பாதியில் தானாகவே படம் நின்றுவிடுகிறது! மனசு நம்ப மாட்டேன் என்கிறது.

கைப்பேசிக் கடை ரவி | பிப்ரவரி 6, மதியம் 2.10

அக்கா, மறுபடியும் நான்தான். இந்தத் தடவை கனவு என்று தெரிந்தே எழுதுகிறேன்.

உங்கள் முதல் பதிவில் ஒரு விஷயம் எனக்கு இடித்துக்கொண்டே இருந்தது. படம் நின்றதும் சத்தமும் இல்லை என்றீர்கள். நிஜமான காலில் பெரும்பாலும் அப்படி நடக்காது. பேச்சுக்கு லைனில் கொஞ்சம் இடம் போதும், படத்துக்கு அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் வேண்டும். அதனால் லைன் இறுகும்போது செயலி முதலில் படத்தை விட்டுக்கொடுத்துக் குரலைக் காப்பாற்றும். முகம் நின்ற பிறகும் "அம்மா, கேட்குதா? கேட்குதா?" என்று குரல் வருமே, அது அதனால்தான். படம் நிற்காத கனவை நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஏனென்றால் நிஜத்திலேயே நிற்கிறது. நிற்கட்டும். குரலை மட்டும் ஓட விடுங்கள்.

பழைய டிரெஸ்ஸர் | பிப்ரவரி 6, இரவு 9.05

ரவி தம்பி, இதை மனநலப் பிரிவில் இத்தனை வருடம் இருந்த நான் யோசித்திருக்க வேண்டும். தங்கச்சி, அப்படியே எழுதிப் பாருங்கள். குரல் என்ன சொல்கிறது என்பதையும் எழுதுங்கள்.

செம்பனைக்காட்டுக்காரி | பிப்ரவரி 7, காலை 10.50

எழுதிவிட்டேன். போன் அடிக்கிறது. முகம் மங்கி நிற்கிறது. நான் போனை அடுப்பங்கரை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு, வாழையிலையைத் துடைத்துக்கொண்டே கேட்கிறேன். அவள், "அம்மா, பசியாறிட்டீங்களா? சம்பலுக்கு நெத்திலி பொரிச்சாச்சா?" என்கிறாள். நான் பதில் சொல்கிறேன். மனசுக்குள் இது தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. தினமும் கடைக்குப் போய்வந்த பிறகு 10 நிமிடம்.

நாமக்கல் வேர் | பிப்ரவரி 7, இரவு 11.30

அக்கா எழுதியதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. அம்மா குரல் ஓட வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன். என்ன பேசுவார்கள் என்று எழுத வரவில்லை. பேனாவை வைத்துவிட்டேன். ஐயா, எனக்கு இது வேண்டாம் என்றே தோன்றுகிறது. முகம் நிற்கிற அந்தக் கனவே இருக்கட்டும்.

ஜொகூர்க் குமார் | பிப்ரவரி 8, காலை 8.15

அண்ணே, அது சரியில்லை. ஐந்து வருடமாக அந்தக் கடைசி நிமிடத்திலேயே நிற்கிறீர்கள். யாரையாவது பார்த்துப் பேசுவது நல்லது.

நாமக்கல் வேர் | பிப்ரவரி 8, காலை 8.40

இருக்கலாம் தம்பி. உன் கணக்கு உனக்கு, என் கணக்கு எனக்கு.

செம்பனைக்காட்டுக்காரி | மார்ச் 3, காலை 11.20

ஐயா, ரவி தம்பி, எல்லாருக்கும். புத்தகத்தில் எண்ணிப் பார்த்தேன். கடைசி 14 நாளில் கனவு 2 தடவைதான். முதலாவது பழைய மாதிரியே, சத்தமில்லாமல். அன்றைக்கு வழக்கம்போல நெஞ்சு படபடத்தது.

இரண்டாவது இன்று விடியற்காலை. முகம் மங்கியது, நின்றது, வாய் பாதி திறந்தபடி. ஆனால் உள்ளேயிருந்து அவள் குரல் வந்துகொண்டே இருந்தது. நான் எழுதின மாதிரி நெத்திலியைப் பற்றி இல்லை. லயத்து வீட்டுப் பின்னால் இருந்த முருங்கை மரத்தைப் பற்றி ஏதோ கேட்டாள். அவள் பிறக்கும் முன்பே வெட்டிவிட்ட மரம். நான் பதில் சொல்வதற்குள் அலாரம் அடித்துவிட்டது. எழுந்தபோது படபடப்பு இல்லை. 5.15க்கு நிஜமாகவே கூப்பிட்டாள், அந்த மரத்தைப் பற்றிச் சொன்னேன், சிரித்தாள். நடுவில் படம் ஒரு தடவை நின்றது.

பழைய டிரெஸ்ஸர் | மார்ச் 3, இரவு 9.00

முருங்கை மரம் எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள் தங்கச்சி. ஒத்திகையை இன்னும் ஒரு மாதம் விடாமல் செய்யுங்கள், புத்தகத்திலும் எழுதுங்கள்.

கைப்பேசிக் கடை ரவி | மார்ச் 3, இரவு 9.25

அக்கா, ஒன்று மறந்துவிடாதீர்கள். மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அவளுடைய 9.15 அப்புறம் உங்களுக்கு 4.15 ஆகிவிடும். போன் கூடத்தில் இருக்கிறது, அலாரம் 5 மணிக்கு. இப்போதே மகளிடம் பேசி வேறு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

செம்பனைக்காட்டுக்காரி | மார்ச் 3, இரவு 9.31

ஐயோ, அது வேறயா! வியாழக்கிழமை கேட்கிறேன் தம்பி.